காய்கறியும் சோப்பும் விற்கும் கடைக்கு: இன்புட் வரியைப் பிரிக்கும் குறிப்புகள்

உதிரி அரிசி, காய்கறி, பால் ஆகியவற்றுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. சோப்பு, பிஸ்கட், நெய்க்கு உண்டு. இரண்டையும் விற்கும் கடைக்காரர், வாங்கும்போது கட்டிய வரி முழுவதையும் இன்புட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. வரி உள்ள விற்பனைக்கு உரிய பங்கு மட்டுமே அவருக்கு. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(2) பிரிவும் 42, 43 விதிகளும் இதற்கானவை.

1. விகிதம் போடுவதற்கு முன் பில்களைப் பிரியுங்கள். சோப்பு, நெய் கொள்முதல் பில்கள் வரி உள்ள விற்பனைக்கு மட்டுமே ஆனவை. அவற்றின் வரி முழுவதும் உங்களுடையது. காய்கறி போட மட்டும் வாங்கிய கவரின் வரியில் ஒரு பைசாகூடக் கிடைக்காது. கடை வாடகை, ஆடிட்டர் கட்டணம், போன், நெட் ஆகியவை இரண்டு விற்பனைக்கும் பொது. இந்தப் பொது பில்களுக்கு மட்டும்தான் விகிதக் கணக்கு.

2. அரிசியை ஒரே கணக்கில் போட்டுவிடாதீர்கள். 2022 ஜூலை 18 முதல், லேபிள் ஒட்டிப் பொட்டலமிட்ட 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5% வரி உண்டு. 26 கிலோ மூட்டை சந்தைக்கு வந்ததே அதனால்தான். எனவே 5 கிலோ பை வரி உள்ள விற்பனையிலும், 26 கிலோ மூட்டையும் உதிரி அரிசியும் வரியில்லா விற்பனையிலும் சேர வேண்டும். பில்லிங் மெஷினில் இவற்றுக்குத் தனித்தனி ஐட்டம் கோடு கொடுத்துவிட்டால் மாதக் கடைசியில் தலைவலி இல்லை.

3. இப்போது ஒரு மாதக் கணக்கைப் பார்ப்போம். வரி நீங்கலாக, வரி உள்ள விற்பனை 12 லட்சம். வரியில்லா விற்பனை 8 லட்சம். மொத்தம் 20 லட்சத்தில் வரியில்லாதது 40%. வாடகை 50,000 ரூபாய்க்கு வரி 9,000, ஆடிட்டர் கட்டணம் 5,000 ரூபாய்க்கு 900, போன், நெட் வகையில் 600 என்று பொது இன்புட் 10,500 ரூபாய். இதில் 40%, அதாவது 4,200 ரூபாயை ரிவர்ஸ் செய்ய வேண்டும். 6,300 ரூபாய் உங்களுக்கு நிற்கும். மத்திய, மாநில வரிகளுக்குத் தனித்தனியாகப் போட வேண்டும் என்பதால் 2,100, 2,100 என்று பிரித்து GSTR-3B-இல் 4(B)(1) கட்டத்தில் காட்டுங்கள்.

பில்களைப் பிரிக்காவிட்டால் என்ன ஆகும்? அந்த மாதம் சோப்பு, நெய் வகையறா கொள்முதலில் 79,500 ரூபாய் இன்புட் இருந்தது என்று வையுங்கள். எல்லாம் சேர்ந்த 90,000 ரூபாய்க்கும் 40% போட்டால் 36,000 ரூபாய் போய்விடும். 4,200 ரூபாய் விட வேண்டிய இடத்தில் இவ்வளவு இழப்பது எந்தச் சிறு கடைக்கும் தாங்காது.

4. பாலும் ஐஸ்கிரீமும் ஒரே ஃப்ரீசரில் இருந்தால் கணக்கு வேறு. ஒரு லட்சம் ரூபாய் ஃப்ரீசருக்குக் கட்டிய 18,000 ரூபாய் வரியை முதலில் முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். பிறகு அதை 60 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 300 ரூபாய். அந்தந்த மாத விகிதப்படி, 40% என்றால் 120 ரூபாயை, ஐந்து ஆண்டுக்கும் மாதாமாதம் ரிவர்ஸ் செய்ய வேண்டும். ஐஸ்கிரீமுக்கு மட்டுமே வைத்த ஃப்ரீசர் என்றால் இந்த வேலையே இல்லை.

5. நிறுவனத்தின் பேரில் இருந்த மனையை விற்றால், அந்தத் தொகையும் வரியில்லா விற்பனையில் சேரும். மேலே சொன்ன மாதத்தில் 60 லட்சம் மதிப்புள்ள மனை போனால், 80 லட்சத்தில் 68 லட்சம் வரியில்லாதது, விகிதம் 85%. பொது இன்புட்டில் 8,925 ரூபாய் போய்விடும். வங்கி டெபாசிட் வட்டியை இதில் சேர்க்க வேண்டியதில்லை. பலர் சேர்த்து வீணாக இழக்கிறார்கள்.

6. மாத விகிதம் தற்காலிகமானதுதான். ஆண்டு முடிந்ததும், முழு ஆண்டு விற்பனையை வைத்து மறுபடி போட வேண்டும். அடுத்த செப்டம்பர் மாத ரிட்டர்னுக்கான கெடு வரை அதற்கு நேரம் உண்டு. மாதாமாதம் விட்டது 46,000, ஆண்டுக் கணக்கில் வருவது 50,000 என்றால் மீதி 4,000 ரூபாயை ஏப்ரல் 1 முதல் 18% வட்டியோடு கட்ட வேண்டும். ஆறு மாதம் தள்ளினால் வட்டி சுமார் 360 ரூபாய். அதிகமாக விட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதனால் ஏப்ரலிலேயே உட்கார்ந்துவிடுவது நல்லது.

7. ரிட்டர்னில் 3.1(c) கட்டத்தில் வரியில்லா விற்பனை இருந்து, 4(B)(1) காலியாக இருந்தால் அதிகாரியின் கண்ணில் முதலில் படுவது அதுதான். ASMT-10 நோட்டீஸ் வரக்கூடும். சில நோட்டீஸ்களில் மொத்த இன்புட்டுக்கும் விகிதம் போட்டுப் பெரிய தொகை கேட்பார்கள். முதல் குறிப்பில் சொன்னபடி மூன்றாகப் பிரித்த பில் பட்டியலை மாதாமாதம் பிரிண்ட் எடுத்து ஃபைல் செய்திருந்தால், அதையே பதிலோடு இணைத்துவிடலாம்.