ஒரே பம்ப், இரண்டு வருவாய் விகிதங்கள்

எண்ணெய்க் கிணறு ஒன்றில் பழைய பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. அதே எண்ணெயை இன்னும் சீக்கிரம் இறைத்துவிடும் பெரிய பம்ப் 1,600 டாலருக்குக் கிடைக்கிறது. அதைப் பொருத்தினால், இரண்டாம் ஆண்டு வரவேண்டிய 10,000 டாலர் முதல் ஆண்டே கைக்கு வந்துவிடும். வாங்கலாமா? சிகாகோ பல்கலைக்கழகத்தின் லோரியும் சாவேஜும் 1955-இல் எழுப்பிய இந்தக் கேள்வி இன்றும் நிதிப் பாடநூல்களில் இருக்கிறது.

முதலில், புதிய பம்ப்பால் உண்டாகும் வித்தியாசத்தை மட்டும் ஒரு நெடுவரிசையில் எழுத வேண்டும்: இன்று −1,600, முதல் ஆண்டு +10,000, இரண்டாம் ஆண்டு −10,000. பழைய பம்ப் தந்திருக்கும் பணம் அப்போது வராது என்பதால்தான் கடைசி எண் கழித்தலில் நிற்கிறது. குறி இரண்டு முறை மாறுகிறது. ஆகவே, ஐஆர்ஆர் இரண்டு வரை இருக்கலாம்.

அடுத்து, எக்செல்லில் தொடக்க ஊகத்தை மாற்றிப் பார்க்க வேண்டும்.

```
=IRR(A1:A3, 0.1)
=IRR(A1:A3, 3)
```

முதலாவது 25% என்கிறது, இரண்டாவது 400% என்கிறது. ஊகம் எதுவும் தராதவர் முதல் விடையோடு நின்றுவிடுவார், இன்னொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டுமே கணக்கில் சரிதான். 25%-இல் 1,600 ஓராண்டில் 2,000 ஆகிறது. வந்த 10,000-இல் அதை அடைத்தால் மீதி 8,000. அந்த மீதியும் 25% ஈட்டினால் அடுத்த ஆண்டின் 10,000 சரியாகக் கிடைக்கும். 400%-இல் 1,600 என்பது 8,000 ஆகிறது. மிஞ்சும் 2,000 அதே வேகத்தில் 10,000 ஆகிவிடும். சிக்கலின் வேர் அந்த இடைக்கால மீதியில் இருக்கிறது. அதை எங்கே போட்டு, என்ன வட்டி ஈட்டுவது? ஐஆர்ஆர் இதைக் கேட்பதில்லை, தன் விகிதமே அதற்கும் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்கிறது.

ஆகவே, நிறுவனத்தின் உண்மையான மூலதனச் செலவில் கணக்கை ஓட்ட வேண்டும். அது 10% என்றால் 1,760-ஐ அடைத்தபின் மிஞ்சும் 8,240, ஓராண்டில் 9,064-தான் ஆகும். 936 டாலர் துண்டு விழுகிறது. இன்றைய மதிப்பில் சுமார் 774 டாலர் நட்டம். எக்செல்லின் NPV முதல் எண்ணையும் ஓராண்டு தள்ளுபடி செய்துவிடும் என்பதால் இன்றைய செலவை வெளியே வைக்க வேண்டும்:

```
=A1+NPV(0.1, A2:A3)
```

0% முதல் 500% வரை விகிதத்தை மாற்றி இதை வரைபடமாக்கினால், 25%-க்கும் 400%-க்கும் இடையில் மட்டுமே கோடு பூஜ்யத்துக்கு மேல் எழும். 10%-இல் பணம் திரட்டும் நிறுவனம் இந்தப் பம்ப்பை வாங்கக் கூடாது.

மேலிடம் ஒற்றைச் சதவீதம்தான் வேண்டும் என்று கேட்டால், `=MIRR(A1:A3, 0.1, 0.1)` சுமார் 5.6% தரும். எந்த மறுமுதலீட்டு விகிதத்தை வைத்து அது வந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட வேண்டும்.

குறி இருமுறை மாறினால் இரண்டு விடை கட்டாயம் என்றில்லை. −1,000, +3,000, −2,500 என்ற ஓட்டத்துக்கு ஐஆர்ஆரே கிடையாது. எக்செல் `#NUM!` காட்டும். எந்த ஊகம் கொடுத்தாலும் அது மாறாது. அங்கேயும் 10%-இல் NPV கிடைக்கும்: சுமார் 339 டாலர் நட்டம்.