தங்கையின் திருமணச் செலவு: காக்காவிடம் எப்படிக் கேட்பது?



வாப்பா வஃபாத்தான வீடு. மூத்தவர் சவூதியில் இருக்கிறார், இளையவர் ஊரில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார், தங்கைக்கு அடுத்த வருடம் நிகாஹ். "காக்கா வெளிநாட்டில் இருக்கிறார், அவரே பார்க்கட்டும்" என்று தம்பி நினைக்கிறார். "எல்லாம் என் தலையிலா?" என்று காக்கா நினைக்கிறார். இருவரும் வாய் திறப்பதில்லை. கல்யாணம் முடிந்த பிறகு மனக்கசப்புதான் மிஞ்சுகிறது.

பணம் கேட்பதற்கு முன் செலவுப் பட்டியலைப் பாருங்கள். மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுப்பது (அல்குர்ஆன் 4:4). வலீமா விருந்தும் அவர் பொறுப்பு. மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் கைக்கூலிக்கு மார்க்கத்தில் இடமில்லை. அதற்காகக் காக்காவிடம் கை நீட்டுவது நியாயமல்ல. இவற்றை நீக்கிவிட்டு, உங்கள் வீட்டுக்கு உண்மையில் ஆகும் செலவை மட்டும் எழுதுங்கள். அது 2,40,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

அடுத்து, தங்கையின் வாரிசுப் பங்கில் கை வைக்காதீர்கள். கடனும் வஸிய்யத்தும் போக வாப்பா விட்டுச் சென்றது 8,00,000 ரூபாய், வாரிசுகள் உம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்றால், உம்மாவுக்கு எட்டில் ஒன்று, அதாவது 1,00,000. மீதி 7,00,000-இல் மகன்களுக்குத் தலா 2,80,000, மகளுக்கு 1,40,000 (4:11, 12). "கல்யாணம் செய்து வைத்தோமே, இனி உனக்கு என்ன பங்கு?" என்று பின்னால் சொல்வது அவளுடைய ஹக்கைப் பறிப்பதாகும்.

இனி 2,40,000-ஐ எப்படிப் பிரிப்பது? சரிபாதி என்பது எப்போதும் நீதியாகாது. சம்பளத்தை மட்டும் பார்ப்பதும் சரியல்ல. வெளிநாட்டில் இருப்பவருக்கும் அறை வாடகை, பிள்ளைகளின் படிப்பு, கடன் எல்லாம் உண்டு. அவரவர் குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சுவதைப் பாருங்கள். காக்காவுக்கு 15,000, தம்பிக்கு 5,000 மிஞ்சினால், பங்கு மூன்றுக்கு ஒன்று. காக்கா 1,80,000, தம்பி 60,000. பன்னிரண்டு மாதத்தில் இருவராலும் சேர்த்துவிட முடியும்.

கேட்கும்போது உங்கள் கணக்கை முதலில் சொல்லுங்கள்: "காக்கா, மாசம் 5,000 என்னால முடியும். இதுதான் செலவுப் பட்டியல். இதுல எதைக் குறைக்கலாம், உங்களால எவ்வளவு முடியும்னு சொல்லுங்க." மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையிலோ, குடும்ப வாட்ஸ்அப் குழுவிலோ கேட்காதீர்கள். அது சங்கடப்படுத்தி வாங்குவதாகிவிடும்.

"முடியாது" என்று அவர் சொன்னால், செலவைக் குறையுங்கள். விருந்தைச் சுருக்கினால் நிகாஹ்வுக்கு ஒரு குறையும் வராது. அவர் கடனாகத் தருவதாகச் சொன்னால், தொகையையும் தவணையையும் எழுதி, சாட்சி வைத்துக்கொள்ளுங்கள் (2:282). அன்பளிப்பாகத் தந்தால், அதைப் பிறகு அவரும் சொல்லிக்காட்டக் கூடாது, நீங்களும் அவர் தந்ததை மறைக்கக் கூடாது.

நம் சகோதரிகளின் ஹக்குகளைப் பேணி நடக்க அல்லாஹ் நமக்கு அருள் புரிவானாக. ஆமீன்.