ஓராண்டுக் கட்டணமும் பன்னிரு மாதக் கணக்கும்

நுழையும்முன்

ஒரே நாளில் பணம் கொடுக்கிறோம். அதன் பயனோ ஓராண்டு முழுவதும் கிடைக்கிறது. அவ்வாறெனில், அச்செலவு எந்த மாதத்திற்கு உரியது? காப்பீட்டு இடாப்பு ஒன்றைக் கையில் எடுத்து, அதிலுள்ள செய்திகளைப் பிரித்தெடுத்து, மாதந்தோறும் கணக்கில் பகிர்ந்தெழுதும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

பணம் சென்ற நாளும் செலவு நிகழும் காலமும்

பேருந்தில் மாதப் பயணச்சீட்டு வாங்கும் ஒருவர் முதல்நாளே முழுப்பணத்தையும் கொடுத்துவிடுகிறார். அன்றே அவர் எல்லாப் பயணங்களையும் முடித்துவிடுவதில்லை. எஞ்சிய நாள்களுக்குப் பயணம் செய்யும் உரிமை அவர் கையில் இருக்கிறது. நாள் கழியக் கழிய அவ்வுரிமை தேய்கிறது. தேய்ந்த பகுதியே செலவு. தேயாமல் நிற்கும் பகுதி அவருடைய சொத்து.

வணிக நிறுவனங்கள் செலுத்தும் ஆண்டுக் காப்பீட்டுக் கட்டணமும் மென்பொருள் சந்தாவும் இத்தகையனவே. காப்பீட்டில் முன்பணம் தவிர்க்க இயலாதது. பிரீமியம் எனப்படும் கட்டணத்தை முன்னதாகப் பெறாமல் காப்பீட்டு நிறுவனம் இடர்ப்பொறுப்பை ஏற்கலாகாது என்பதே 1938ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தின் பொதுவிதி. எனவே பணம் முன்னே செல்ல, பாதுகாப்பு பின்னே நாள்தோறும் வந்து சேர்கிறது. இவ்வாறு கொடுத்தாகிவிட்ட, ஆனால் பயன் இன்னும் பெறப்படாத தொகையை ‘முன்கூட்டிச் செலுத்திய செலவு’ என்பர். பெயரில் ‘செலவு’ என்ற சொல் இருப்பினும், இருப்புநிலைக் குறிப்பில் அது நடப்புச் சொத்துகளின் வரிசையிலேயே இடம்பெறும்.

இடாப்பிலிருந்து எடுக்க வேண்டியவை

சிவகாசியில் ஓர் அச்சகம் இருப்பதாகக் கொள்வோம். அதன் எந்திரங்களுக்கும் தாள் இருப்புக்கும் தீக்காப்பீடு பெறப்படுகிறது. பில் என்று வழக்கில் சொல்லப்படும் இடாப்பில் பின்வரும் செய்திகள் உள்ளன.

- இடாப்பு நாள்: 10.07.2024
- காப்பீட்டுக் காலம்: 16.07.2024 முதல் 15.07.2025 முடிய
- காப்பீட்டுக் கட்டணம்: ரூ. 36,500
- மத்திய சரக்கு மற்றும் சேவை வரி 9%: ரூ. 3,285
- மாநிலச் சரக்கு மற்றும் சேவை வரி 9%: ரூ. 3,285
- மொத்தம்: ரூ. 43,070

இவற்றுள் பகிர்வுக்கு வேண்டியவை மூன்று: தொடக்க நாள், முடிவு நாள், பகிர வேண்டிய தொகை. மூன்றிலும் தவறு நேர வாய்ப்புண்டு.

முதலாவதாக, இடாப்பின் தலைப்பில் பெரிதாகத் தெரிவது இடாப்பு நாள். அது தாள் எழுதப்பட்ட நாளேயன்றிப் பாதுகாப்பு தொடங்கிய நாளன்று. ஜூலை 10 முதல் 15 வரை இந்த ஒப்பந்தத்தின்கீழ் அச்சகத்திற்குப் பாதுகாப்பில்லை. ஆகவே அந்நாள்களுக்குச் செலவும் இல்லை.

இரண்டாவதாக, நாள்களை எண்களால் மட்டும் எழுதும்போது மயக்கம் ஏற்படலாம். 05/08/2024 என்பதை நாம் ஆகஸ்டு 5 எனப் படிப்போம். மாதத்தை முன்னெழுதும் அமெரிக்க வழக்கில் அது மே 8 ஆகும். வெளிநாட்டு மென்பொருள் நிறுவனங்களின் இடாப்புகளில் இதனைக் கருத்துடன் நோக்க வேண்டும். தொடக்க நாளையும் முடிவு நாளையும் சேர்த்து எண்ணினால் ஓராண்டு ஒப்பந்தத்திற்கு 365 நாள்கள் வர வேண்டும். இடையில் பிப்ரவரி 29 வந்தால் 366. வேறோர் எண் வருமாயின் ஏதோ ஒரு நாள் தவறாகப் படிக்கப்பட்டுள்ளது என்று அறியலாம். 2024 நெட்டாண்டுதான், எனினும் நம் காப்பீடு பிப்ரவரி கழிந்த பின்னரே தொடங்குவதால் 365 நாள்களே வருகின்றன.

மூன்றாவதாக, பகிர வேண்டிய தொகை எது? அச்சகம் வரிப்பதிவு பெற்று, செலுத்திய வரியைத் தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தகுதியுடையதாயின், ரூ. 6,570 வரி அதற்குச் செலவாகாது. அத்தொகை உள்ளீட்டு வரிக் கணக்கில் தனியே நிற்கும். பகிர வேண்டியது ரூ. 36,500 மட்டுமே. அத்தகுதி இல்லாத நிறுவனத்திற்கு வரியும் காப்பீட்டின் அடக்கமாகிவிடும், அது ரூ. 43,070 முழுவதையும் பகிர வேண்டும். நம் அச்சகம் தகுதியுடையது எனக் கொள்வோம்.

முதற்பதிவு

ஜூலை 12 அன்று வங்கி வழியாகப் பணம் செலுத்தப்படுகிறது. அன்றைய குறிப்பேட்டுப் பதிவு இவ்வாறு அமையும்.

முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கு – பற்று – 36,500
மத்திய உள்ளீட்டு வரிக் கணக்கு – பற்று – 3,285
மாநில உள்ளீட்டு வரிக் கணக்கு – பற்று – 3,285
வங்கிக் கணக்கு – வரவு – 43,070

இப்பதிவில் செலவுக் கணக்கு எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க. வங்கியிலிருந்த பணம் என்னும் சொத்து குறைந்து, பாதுகாப்புப் பெறும் உரிமை, வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமை என்னும் வேறு சொத்துகள் தோன்றியுள்ளன.

மாதந்தோறும் பகிர்தல்

ரூ. 36,500ஐ 365 நாள்களுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு ரூ. 100 ஆகிறது. ஒவ்வொரு மாதத்திலும் பாதுகாப்பு இருந்த நாள்களை இதனால் பெருக்கினால் அம்மாதச் செலவு கிடைக்கும்.

| மாதம் | நாள்கள் | செலவு (ரூ.) | எஞ்சிய இருப்பு (ரூ.) |
|---|---|---|---|
| ஜூலை 2024 | 16 | 1,600 | 34,900 |
| ஆகஸ்டு | 31 | 3,100 | 31,800 |
| செப்டம்பர் | 30 | 3,000 | 28,800 |
| அக்டோபர் | 31 | 3,100 | 25,700 |
| நவம்பர் | 30 | 3,000 | 22,700 |
| டிசம்பர் | 31 | 3,100 | 19,600 |
| ஜனவரி 2025 | 31 | 3,100 | 16,500 |
| பிப்ரவரி | 28 | 2,800 | 13,700 |
| மார்ச் | 31 | 3,100 | 10,600 |
| ஏப்ரல் | 30 | 3,000 | 7,600 |
| மே | 31 | 3,100 | 4,500 |
| ஜூன் | 30 | 3,000 | 1,500 |
| ஜூலை | 15 | 1,500 | 0 |

ஓராண்டுக் காப்பீடாயினும் பதிவுகள் பதின்மூன்று. மாதத்தின் இடையில் தொடங்கும் ஒப்பந்தம் மாதத்தின் இடையிலேயே முடிவதே இதற்குக் காரணம். ஜூலை 31 அன்று எழுதப்படும் பதிவு வருமாறு:

காப்பீட்டுச் செலவுக் கணக்கு – பற்று – 1,600
முன்கூட்டிச் செலுத்திய காப்பீட்டுக் கணக்கு – வரவு – 1,600

சொத்துக் கணக்கு வரவு வைக்கப்பட்டுக் குறைகிறது. செலவுக் கணக்கு பற்று வைக்கப்பட்டுக் கூடுகிறது. ஒவ்வொரு மாத இறுதியிலும் அட்டவணையில் அம்மாதத்திற்குரிய தொகையுடன் இதே பதிவு மீளும்.

பன்னிரண்டால் வகுத்தால் என்ன?

ஒப்பந்தம் மாதத்தின் முதல்நாளில் தொடங்குமாயின், தொகையைப் பன்னிரண்டால் வகுப்பது எளிதும் பொருத்தமும் ஆகும். மென்பொருள் சந்தாக்கள் பலவற்றிற்கு இம்முறையே போதும். ஆனால் நம் அச்சகத்தின் கணக்கர், ஜூலை முதல் ஜூன் முடியப் பன்னிரு சமபங்குகளாக எழுதிவிட்டார் எனக் கொள்வோம். மார்ச் 31 அன்று அவர் காட்டும் இருப்பு மூன்று மாதப் பங்கான ரூ. 9,125. உண்மையில் எஞ்சியிருப்பதோ 106 நாள்களின் பாதுகாப்பு, அதாவது ரூ. 10,600. வேறுபாடு ரூ. 1,475. ஜூலைத் தொடக்கத்தில் பாதுகாப்பே இல்லாத பதினைந்து நாள்களுக்கும் செலவு எழுதியதன் விளைவு இது.

வகுத்தலில் பைசா எஞ்சுவதும் உண்டு. ரூ. 36,500ஐப் பன்னிரண்டால் வகுத்து, முழு ரூபாயாக்கி மாதம் ரூ. 3,042 என எழுதினால் ஆண்டு முடிவில் ரூ. 36,504 வரும். கொடுத்ததைவிட நான்கு ரூபாய் மிகுதி. எனவே இறுதி மாதத்தில் மட்டும் கணக்கிட்ட பங்கை எழுதாமல், கணக்கில் எஞ்சி நிற்கும் தொகையான ரூ. 3,038ஐ எழுதிக் கணக்கை முடிக்க வேண்டும்.

பகிராவிடில் நேர்வது

முழுத்தொகையையும் ஜூலை மாதச் செலவாகவே எழுதிவிட்டால், அம்மாத இலாபம் ரூ. 34,900 குறைந்து தோன்றும். தொழிலில் சரிவு ஏற்பட்டதாக எண்ணி, உரிமையாளர் அச்சுக் கட்டணத்தை உயர்த்தவோ ஆளைக் குறைக்கவோ முடிவு செய்யக்கூடும். அடுத்து வரும் மாதங்களில் காப்பீட்டுச் செலவே இல்லாததுபோல் இலாபம் மிகுந்து காணும். ஆண்டு அளவிலும் பிழை நீளும். 2024–25 நிதியாண்டிற்கு உரிய செலவு ரூ. 25,900 மட்டுமே, மீதி ரூ. 10,600 அடுத்த ஆண்டிற்குரியது. அதனைப் பிரிக்காவிடில் ஓராண்டின் இலாபம் குறைந்தும் மறு ஆண்டின் இலாபம் கூடியும் காட்டப்படும். இரு பக்கமும் சமமாகவே இருப்பதால் இருப்பாய்வு இப்பிழையைக் காட்டிக்கொடுக்காது.

சரிபார்க்கும் வழி

ஆகவே தனிச் சோதனை வேண்டும். மாத இறுதியில் ஒப்பந்தத்தில் எஞ்சிய நாள்களை எண்ணி, ஒருநாள் கட்டணத்தால் பெருக்குக. மார்ச் 31 அன்று எஞ்சியவை ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 15 ஆக 106 நாள்கள், ரூ. 10,600. பேரேட்டிலுள்ள இருப்பும் அதுவே ஆக வேண்டும்.

ஒப்பந்தம் முடிந்தபின்னும் பற்று இருப்பு நிற்குமாயின் ஏதோ ஒரு மாதப் பதிவு விடுபட்டிருக்கலாம். வரவு இருப்புத் தோன்றினால் ஒரு மாதம் இருமுறை எழுதப்பட்டிருக்கலாம். அல்லது ஆண்டுக் கட்டணமே நேராகச் செலவில் பதியப்பட்டு, மாதப் பதிவுகளும் தொடர்ந்திருக்கலாம். பல இடாப்புகள் ஒரே கணக்கில் கலந்திருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்றின் மிகுதி மறைத்துவிடும். ஆதலால் ஒவ்வோர் இடாப்பிற்கும் மேற்கண்டதுபோல் தனி அட்டவணை வைத்தல் நன்று.

பகிர்வுக்கு உட்படாதவை

இடாப்பிலுள்ள அனைத்தும் பகிரத்தக்கன அல்ல. மென்பொருள் இடாப்பில் ஆண்டுச் சந்தாவுடன் ஒருநாள் பயிற்சிக் கட்டணமும் சேர்ந்திருக்கலாம். பயிற்சி நடந்து முடிந்த மாதத்திலேயே அது செலவாகிவிடுகிறது. எனவே இடாப்பின் மொத்தத்தை மட்டும் நோக்காமல், ஒவ்வொரு வரியையும் படித்து, எந்தக் காலத்திற்குப் பயன்தருவது என வினவ வேண்டும். தொகை மிகச் சிறிதாயின் உடனே செலவாக எழுதுவதும் ஏற்கத்தக்கதே, ஆண்டிற்கு ரூ. 300 மட்டுமே ஆகும் சந்தாவைப் பன்னிரண்டாகப் பிரிப்பதால் எவருடைய முடிவும் மாறப்போவதில்லை. எனினும் அந்த எல்லையை நிறுவனம் முன்னரே வரையறுத்து, ஆண்டுதோறும் மாறாமல் பின்பற்ற வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. முன்கூட்டிச் செலுத்திய செலவு சொத்தாகக் கருதப்படுவது ஏன்? உங்கள் அன்றாட வாழ்விலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்து விளக்குக.
2. ஒரு நூலகம் 01.10.2024 முதல் 30.09.2025 முடிய மென்பொருள் சந்தாவாக ரூ. 24,000, அக்டோபரில் நடந்த பயிற்சிக்காக ரூ. 5,000 செலுத்தியது. வரியைக் கருதாமல், அக்டோபர் மாதச் செலவையும் 31.03.2025 அன்று உள்ள முன்கூட்டிச் செலுத்திய தொகையையும் காண்க.
3. பாடத்திலுள்ள அச்சகம் வரியைக் கழித்துக்கொள்ளும் தகுதி இல்லாதது எனக் கொண்டு, ஜூலை 2024க்கான பதிவை எழுதுக.
4. உங்கள் வீட்டிலுள்ள ஓர் இருசக்கர வாகனக் காப்பீட்டுச் சான்றைப் பார்த்து, தொடக்க நாள், முடிவு நாள், மொத்த நாள்கள் ஆகியவற்றைக் குறித்து, மார்ச் 31 அன்று எஞ்சும் நாள்களைக் கணக்கிடுக.