இல்லாத நூல், சொல்லாத சொல்: துணைநூற் பட்டியல் சொல்லும் சாட்சி

ஓர் ஆய்வேட்டை மாணவர் எழுதினாரா, செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதா என்பதை நடையை வைத்துத் தீர்மானிக்க முடியும் என்று நான் நம்பவில்லை. பாடநூல் தமிழிலேயே பழகிய நம் மாணவர் பலர் இயல்பாகவே ஒரே சீராக, ஏற்ற இறக்கமில்லாமல் எழுதுவார்கள். அந்த நடைக்காக அவர்களைச் சந்தேகிப்பது அநியாயம். இயந்திர எழுத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் ஒரு சதவீதத்தைக் காட்டுகின்றன. அந்த எண் எப்படி வந்தது என்று ஆசிரியருக்கும் தெரியாது, மாணவருக்கும் தெரியாது. அதற்கு மாணவர் என்ன பதில் சொல்ல முடியும்? துணைநூற் பட்டியல் அப்படியல்ல. அதில் உள்ள ஒவ்வொரு வரியும், இன்னார் இந்த ஆண்டில் இதை எழுதினார், அது இந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினால் குற்றச்சாட்டு அங்கேயே முடிந்துவிடும். அதனால்தான் ஆய்வெழுத்தில் இயந்திரத்தின் கைவரிசைக்கு நான் ஏற்கும் முதல் சான்று, இல்லாத நூலும் யாரும் சொல்லாத மேற்கோளும்தான். ஆனால் அந்தச் சான்று எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதில் கவனம் வேண்டும்.

இத்தகைய செயலிகளுக்கு அடிப்படையான மொழி மாதிரி என்பது ஒரு சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதிக்கொண்டே போவது. துணைநூல் குறிப்புக்கோ கண்டிப்பான அச்சு உண்டு: ஆசிரியர் பெயர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி எண், பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் பொருத்தமாகத் தோன்றும் ஒன்றை இட்டு நிரப்பினால், பார்வைக்குக் குறையில்லாத ஒரு குறிப்பு கிடைத்துவிடும். ஆசிரியர் அந்தத் துறையில் உண்மையாகவே இருப்பவர், இதழும் உண்மை. அந்தக் கட்டுரை மட்டும் உலகத்தில் இல்லை. மனிதர் செய்யும் தவறு இதற்கு நேர்மாறானது. அவர் கையில் உண்மையான நூல் இருக்கும். அதைக் குறிக்கும்போது ஆண்டையோ பக்கத்தையோ பெயரின் எழுத்தையோ தவறவிடுவார். உறுப்பு பிழை, முழுமை உண்மை என்றால் மனிதத் தவறு. உறுப்பெல்லாம் உண்மை, முழுமை பொய் என்றால் இயந்திரத்தின் சாயல். நான் முதலில் பார்ப்பது இந்த வேறுபாட்டைத்தான். இயந்திரம் இப்படிப் புனைவது அரிதாக நடப்பதும் அல்ல. 2023-இல் வால்டர்ஸ், வைல்டர் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், சாட்ஜிபிடியின் 3.5 பதிப்பு தந்த குறிப்புகளில் 55 விழுக்காடும், 4-ஆம் பதிப்பு தந்தவற்றில் 18 விழுக்காடும் புனையப்பட்டவை.

நமக்குப் பழக்கமான களத்திலிருந்தே ஒன்றைச் சோதித்துப் பார்ப்போம். விளக்கத்துக்காக நானே உருவாக்கிய குறிப்பு இது: ‘மலாயாவில் கங்காணி முறையும் தமிழர் குடியேற்றமும்’ என்ற பொருளில் ஓர் ஆங்கிலக் கட்டுரை, 1958, அரச ஆசியக் கழகத்தின் மலேசியக் கிளை இதழ், தொகுதி 44, பகுதி 2, பக்கம் 112 முதல் 131 வரை. மேலோட்டமாகப் படித்தால் எந்தத் தடையும் தெரியாது. ஆனால் அந்த இதழுக்கு ஒரு கணக்கு உண்டு. 1923-இல் தொடங்கிய இதழ் போர்க்காலத்தில் நின்று, 1947-இல் 20-ஆம் தொகுதியுடன் மீண்டும் வந்தது. அதன் பிறகு ஆண்டிலிருந்து 1927-ஐக் கழித்தால் தொகுதி எண் கிடைக்கும். 1958 என்றால் தொகுதி 31 ஆக வேண்டும். தொகுதி 44 என்றால் ஆண்டு 1971. மேலும் 1958-இல் மலேசியா என்ற நாடே இல்லை. அப்போது அது ‘மலாயக் கிளை’யின் இதழ். ஆக, ஒரே குறிப்பில் இரண்டு முரண்கள். இத்தோடு தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. ஆண்டை மட்டும் மாணவர் தவறாக எழுதியிருக்கலாம். இதழின் பெயரை இன்றைய வழக்கில் எழுதுவோரும் உண்டு. எனவே ஜேஸ்டோரில் 1971-இன் தொகுதியைத் திறந்து 112-ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு 1958-இன் தொகுதியிலும் அதே சோதனை. புனைந்த குறிப்பாக இருந்தால் அந்தப் பக்க எண் பெரும்பாலும் வேறொருவர் கட்டுரையின் நடுவில் போய் விழும். இரண்டு தொகுதிகளின் பொருளடக்கத்திலும் அந்தத் தலைப்பு இல்லை என்றான பிறகே ‘இது இல்லாத கட்டுரை’ என்று எழுதும் உரிமை எனக்கு வருகிறது.

புதிய கட்டுரைகளுக்கு வேலை இன்னும் எளிது. குறிப்பில் 10 என்ற எண்ணில் தொடங்கும் டிஓஐ அடையாளம் இருந்தால் அதை doi.org தளத்தில் இட வேண்டும். அப்படி ஓர் அடையாளமே இல்லை என்று பதில் வந்தால் அது ஒரு சான்று. அது திறந்து, முற்றிலும் வேறொரு கட்டுரைக்குப் போனால் அதைவிடப் பெரிய சான்று. தட்டச்சுப் பிழையால் ஓர் எண் மாறும்போது பல சமயம் அடையாளமே இல்லை என்ற பதில்தான் வரும். அடையாளமே இல்லாவிட்டால் தலைப்பை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடலாம். ஆசிரியரின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அவருடைய வெளியீட்டுப் பட்டியலைப் பார்க்கலாம். கூகுள் ஸ்காலரில் பெயர் வந்துவிட்டது என்பதை மட்டும் நான் சான்றாக ஏற்பதில்லை. வேறு கட்டுரைகளின் துணைநூற் பட்டியல்களிலிருந்தும் அது பெயர்களை எடுத்து வைக்கிறது. ஒருவர் பட்டியலில் ஏறிய பொய், அந்த வழியாக எல்லோருக்கும் மெய் போலத் தெரியத் தொடங்கும்.

மேற்கோள் இன்னும் நுட்பமான இடம், ஏனென்றால் நூல் உண்மையாக இருந்தே மேற்கோள் பொய்யாக இருக்கலாம். 2025-இல் ஆஸ்திரேலிய அரசின் வேலைவாய்ப்புத் துறைக்காக டெலாய்ட் நிறுவனம் தயாரித்த அறிக்கையில் அதுவும் நடந்தது. சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவர் அதைப் படித்தபோது, தனக்குத் தெரிந்த பேராசிரியர் பெயரில் அவர் எழுதாத நூல் இருப்பதைக் கண்டார். கூட்டரசு நீதிமன்ற வழக்கொன்றிலிருந்து எடுத்ததாகக் காட்டப்பட்ட மேற்கோளும் அந்தத் தீர்ப்பில் இல்லை. திருத்திய அறிக்கையில் செயற்கை நுண்ணறிவு பயன்பட்டதை நிறுவனம் ஒப்புக்கொண்டு, கட்டணத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. நம் ஆய்வேடுகளில் இதற்கு இணையானது பழைய செய்தித்தாள் மேற்கோள். ‘தமிழ் நேசன்’ 1924-இல் தொடங்கியது. 1920-ஆம் ஆண்டுத் தலையங்கம் என்று ஒன்று அதற்கு இருக்க முடியாது. ‘தமிழ் முரசு’ என்றால் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் நாளைக் கொடுத்து அந்தப் பக்கத்தையே பார்க்கலாம். தேதியும் பக்கமும் இல்லாத மேற்கோள், கட்டுரையின் வாதத்துக்கு வேண்டியதை அப்படியே வழவழவென்று சொல்லித் தரும் மேற்கோள், 1930-களின் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு இன்றைய கருத்தரங்கு உரை போல ஒலிக்கும் மேற்கோள் ஆகிய மூன்றையும் நான் மூலத்தோடு ஒப்பிடாமல் விடுவதில்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். தமிழில் எழுதப்பட்டவற்றில் எவ்வளவு இணையத்தில் இருக்கிறது? 1966-இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் கட்டுரைகள், தோட்டப் பள்ளிகளின் ஆண்டு மலர்கள், கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் சங்கங்கள் அச்சிட்ட சிறு வெளியீடுகள் எதற்கும் டிஓஐ கிடையாது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். தேடுபொறியில் அகப்படாததெல்லாம் பொய் என்றால், நம் சமூகத்தின் வரலாற்றில் பாதியை நாமே பொய்யாக்கிவிடுவோம். ஆகவே தமிழ் மூலங்களுக்குச் சோதனையின் திசையை மாற்ற வேண்டும். ‘இணையத்தில் இருக்கிறதா’ என்று கேட்காமல், ‘எங்கே பார்த்தீர்கள்’ என்று கேட்க வேண்டும். அரிய மலரைப் படித்தவரிடம் அதன் படம் இருக்கும், அல்லது அது யார் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்ற தகவலாவது இருக்கும். சென்னை ரோஜா முத்தையா நூலகம், தமிழ் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகியவற்றில் ஒரு முறை தேடலாம். அம்பாங்கில் இருப்பவருக்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகம் ரயிலில் போய்வரும் தூரம்தான். இத்தனைக்கும் பிறகு விடை கிடைக்காவிட்டால் ‘சரிபார்க்க இயலவில்லை’ என்றுதான் எழுத வேண்டும். அது ‘புனைந்தது’ என்பதிலிருந்து வேறுபட்ட முடிவு.

மனிதர்களும் முன்பே இல்லாத நூலைக் காட்டியவர்கள்தானே என்ற மறுப்பும் சரியானதே. எல்செவியர் பதிப்பகம் குறிப்பு எழுதும் முறையைக் காட்ட மாதிரியாக வைத்திருந்த கற்பனைக் கட்டுரை ஒன்று, வான் டெர் கீர் முதலியோர் 2000-இல் எழுதியதாக, நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் மேற்கோளாக ஏறியது. வார்ப்புருவில் இருந்ததை அழிக்காமல் விட்டவர்களும் பிறரைப் பார்த்து ஒட்டியவர்களும் செய்த வேலை அது, இயந்திரத்துக்குத் தொடர்பில்லை. அதனால் ஒற்றைப் பொய்க் குறிப்பை வைத்து இயந்திரம் எழுதியது என்று நான் சொல்ல மாட்டேன். படியெடுத்த பொய் பல இடங்களில் ஒரே வடிவில் கிடைக்கும். இயந்திரத்தின் பொய் பெரும்பாலும் வேறு எங்கும் கிடைக்காது. அதோடு கூட்டமாக வரும். சென்னையைச் சேர்ந்த ஒருவர் எழுதி ஸ்பிரிங்கர் நேச்சர் 2025-இல் வெளியிட்ட இயந்திரக் கற்றல் நூலின் 46 குறிப்புகளில் 18-ஐ ரிட்ராக்‌ஷன் வாட்ச் சோதித்தபோது, மூன்றில் இரண்டு பங்கு இல்லாதவையாகவோ பெரும்பிழை உள்ளவையாகவோ இருந்தன. நூல் பின்னர் திரும்பப் பெறப்பட்டது. இப்படி எங்கும் தடமில்லாத குறிப்புகள் ஒரே பட்டியலில் குவிந்தால், சோம்பலோ கைத்தவறோ அதை விளக்கப் போதாது.

இப்போதைய செயலிகள் இணையத்தில் தேடி உண்மையான கட்டுரைகளையே தருகின்றன, இந்தச் சோதனை விரைவில் காலாவதியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். பாதி உண்மைதான். இல்லாத நூல்கள் குறையலாம். ஆனால் இருக்கும் நூலின் மேல் அது சொல்லாத கருத்தை ஏற்றுவது இன்னும் நடக்கிறது, அதைத் துணைநூற் பட்டியலை மட்டும் பார்த்துப் பிடிக்கவும் முடியாது. ஆய்வாளர் சந்து எழுதிய ‘மலாயாவில் இந்தியர்’ 1969-இல் வந்த உண்மையான நூல். அது 1957 வரையிலான குடியேற்றத்தைப் பற்றியது. 1990-களில் தோட்டங்கள் துண்டாடப்பட்டதற்கு அதை ஆதாரமாகக் காட்டியிருந்தால், குறிப்பு சரியாக இருந்தும் வாதம் பொய். ஆகவே பட்டியலில் பத்தைச் சரிபார்த்தால், அவற்றில் மூன்றையாவது உரையில் எந்த வாக்கியத்துக்கு ஆதாரமாக நிறுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்தப் பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும்.

கடைசியாக, கண்டதை எழுதும் முறை. ‘இது செயற்கை நுண்ணறிவு எழுதியது’ என்று என் மதிப்பீட்டில் முதல் வரியாக நான் எழுதுவதில்லை. எந்தக் குறிப்பு, எங்கெங்கே தேடினேன், எந்த நாளில், என்ன கிடைத்தது என்று வரிசையாக எழுதி, அந்தப் பக்கங்களின் படியை மாணவரிடம் கேட்பதே என் வழி. படித்தவர் இரண்டு நாளில் கொண்டுவருவார், அல்லது தன் பிழை எந்த எண்ணில் என்று சொல்வார். அதற்கு அவகாசம் தந்த பிறகும் ஒரு பக்கம்கூட வராமல், இல்லாத குறிப்புகள் ஒன்றுக்கு மேல் நிற்குமானால் அப்போது முடிவு எழுதலாம். இயந்திரத்தைப் பற்றி நாம் ஊகிப்பது தவறாகிப்போனாலும் அந்த முடிவு தவறாகாது: படிக்காத நூலைப் படித்ததாகக் காட்டியிருக்கிறார் என்பதற்கு மட்டுமே அங்கே கையெழுத்திடுகிறோம், ஆய்வேட்டைத் திருப்பி அனுப்ப அது போதும்.