பச்சிளங் குழந்தையின் இரவும் பகலும்

பிறந்த குழந்தை ஒரு நாளில் ஏறத்தாழ 16 மணி நேரம் உறங்குகின்றது. ஆயினும் அவ்வுறக்கம் இரவு பகல் என்ற வேறுபாடின்றித் துண்டு துண்டாகவே அமைகின்றது. இது குழந்தையின் பிடிவாதமன்று. அதன் உடற்கடிகாரம் இன்னும் ஒழுங்குபடவில்லை என்பதே காரணம்.

இக்கடிகாரம் மூளையின் அடிப்பகுதியில், பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்திற்குச் சற்று மேலே அமைந்த சிறு நரம்பணுத் திரளாகும். கண்ணில் படும் ஒளியைப் பற்றிய செய்தி விழித்திரையிலிருந்து நேரே இதனை அடைகின்றது. இரவு வந்ததும் இதன் ஏவலால் பீனியல் சுரப்பி மெலடோனின் என்னும் ஹார்மோனை இரத்தத்தில் கலக்கின்றது. கருவிலிருக்கும்போது குழந்தை தாயின் மெலடோனினைப் பெறுகின்றது; பிறந்ததும் அவ்வழி அடைபடுகின்றது. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் அது சிறிதளவு உண்டு. பகற்பாலில் மிகக் குறைவு. நிறைமாதக் குழந்தையிடம் அதன் சொந்தச் சுரப்பு ஒழுங்கான தாளம் பெற 9 முதல் 12 வாரங்கள் வரை ஆகலாம். குறைமாதக் குழந்தைக்கு இன்னும் காலம் வேண்டும்.

1999-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஓர் ஆய்வு இவ்வளர்ச்சியின் படிகளைத் தெளிவாகக் காட்டுகின்றது. ஒரே குழந்தை, சூரிய ஒளியை மட்டுமே பெறும்படி வளர்க்கப்பட்டது. உடல் வெப்பத்தின் ஏற்றத்தாழ்வு முதல் வாரத்திலேயே ஒழுங்குபட்டது. 45-ஆம் நாளளவில் விழிப்பும் ஒழுங்குபட்டது. சூரியன் மறையும் வேளையில் உமிழ்நீரில் மெலடோனின் மிகுந்தது. 56-ஆம் நாளுக்குப் பின்னரே உறக்கம் ஒழுங்குபட்டது. ஒரு குழந்தையைக் கொண்டு பொதுவிதி வகுக்க இயலாது. எனினும், இரவில் நன்கு உறங்கும் குழந்தைகள் பிற்பகலில் மிகுதியான ஒளி பெற்றிருந்ததாகப் பிரிட்டனில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வும் கூறுகின்றது.

தாயையும் சேயையும் பல வாரங்கள் சன்னல் அடைத்த அறையில் வைத்திருக்கும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அங்கு பகலும் மங்கல். இரவிலோ விளக்கு அணைவதில்லை. கடிகாரத்திற்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆகவே பகலில் சன்னலைத் திறந்து, வெளிச்சமான இடத்தில் குழந்தையைக் கிடத்தலாம், நேர்வெயில் வேண்டா. இரவில் பாலூட்டவும் துணி மாற்றவும் மங்கிய விளக்கே போதும். இரவுப் பாலை நிறுத்தலாகாது.

மாற்றத்தை அறிய, ஒரு தாளில் 24 கட்டங்கள் வரைந்து, குழந்தை உறங்கிய மணிகளைத் தாயைக் கொண்டு நிழலிடச் செய்யலாம். மூன்றாம் வாரத்தில் பகல் 8, இரவு 8 என்றிருந்த கணக்குப் பன்னிரண்டாம் வாரத்தில் பகல் 5, இரவு 10 என மாறியிருப்பின், கடிகாரம் ஒழுங்குபட்டு வருகின்றது எனக் கொள்ளலாம்.

பாலுக்கும் எழுப்ப இயலாதபடி குழந்தை சோர்ந்து கிடப்பின், அது கடிகாரத்தின் குறையன்று. உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். மஞ்சள் காமாலைக்கும் சன்னல் வெளிச்சம் சிகிச்சையாகாது.