சட்டத்தின் இறக்கம்: ஒரு தவறுக்கு எத்தனை முறை மதிப்பெண் குறைப்பது?

மேல்நிலை முதலாம் ஆண்டு இயற்பியல் செய்முறையில் மாணவர்கள் அதிகம் பயப்படுவது சீரற்ற வளைவுச் சோதனைக்குத்தான். குண்டூசியையும் வெர்னியர் நுண்ணோக்கியையும் கொண்டு பளுவுக்கும் இறக்கத்துக்கும் உள்ள தொடர்பைச் சரிபார்க்க வேண்டும். கருவிகள் எளியவை. ஒரு மீட்டர் அளவுகோல், இரண்டு கத்தி முனைகள், நடுவில் எடை தாங்கி, அதன் மேல் மெழுகால் ஒட்டிய குண்டூசி. காட்ட வேண்டியதும் ஒரே வரிதான்: M/s ஒரு மாறிலி. ஆனால் விடைத்தாளைத் திருத்தும்போது, ஒரே தவறுக்கு இரு தேர்வாளர்கள் நான்கு மதிப்பெண் வித்தியாசத்தில் மதிப்பிட வாய்ப்புள்ள சோதனை இது. ஏன் என்பதை விருதுநகர் மாவட்டத்தில் சிவகாசிப் பகுதிப் பள்ளிகளில் செய்முறைத் தேர்வு நடத்தும் ஆசிரியர் என்ற முறையில், மாதிரி அளவீடுகளைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

புற மதிப்பீட்டின் 15 மதிப்பெண்களின் பிரிவு நமக்குத் தெரிந்ததே. சூத்திரம் 2, சுருக்கமான செய்முறை 3, காட்சிப் பதிவுகள் 5, வரைபடம் உள்ளிட்ட கணக்கீடு 4, முடிவு 1. சூத்திரத்திலும் செய்முறையிலும் சிக்கல் இல்லை. மீதமுள்ள பத்து மதிப்பெண்ணில்தான் நாம் ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகத் திருத்துகிறோம். கேம்பிரிட்ஜ் போன்ற அயல்நாட்டுத் தேர்வு வாரியங்கள் கணக்கு விடைகளில் வழிமுறை மதிப்பெண், துல்லிய மதிப்பெண் என்று இரண்டாகப் பிரித்தே விடைக்குறிப்பு தயாரிக்கின்றன. சரியான வழியில் போனதற்கு ஒன்று, சரியான எண் வந்ததற்கு ஒன்று. முதலில் ஒரு எண் தவறி, அதை வைத்து அடுத்த படியைச் சரியாகச் செய்திருந்தால் அடுத்த படிக்குரிய மதிப்பெண் கிடைக்கும். இந்தப் பிரிவை நம் பத்து மதிப்பெண்ணுக்குப் பொருத்திப் பார்க்கலாம்.

காட்சிப் பதிவுகளின் ஐந்தை நான் இப்படிப் பிரிக்கிறேன். பளு ஏற்றும்போதும் இறக்கும்போதும் இரண்டு வரிசையிலும் அளவீடு எடுத்திருந்தால் 2. ஒவ்வொரு அளவீட்டிலும் முதன்மைக்கோல் அளவு, வெர்னியர் ஒன்றிப்பு, மொத்த அளவீடு என்று தனித்தனியே எழுதியிருந்தால் 1. இந்த மூன்றும் வழிமுறை. எண்கள் சரியாக இருந்தால் 2, இது துல்லியம். தவறாகப் படித்த ஒவ்வோர் இடத்துக்கும் அரை மதிப்பெண் குறையும். கணக்கீட்டின் நான்கில் M/s நிரலுக்கு 2, வரைபடத்துக்கும் அதன் சாய்வுக்கும் 2.

முதலில் தவறில்லாத ஒரு தொகுதியைப் பாருங்கள். கத்தி முனைகளுக்கு இடையே 70 செ.மீ. தூரம். நுண்ணோக்கியின் முதன்மைக்கோல் பிரிவு 0.05 செ.மீ., மீச்சிற்றளவு 0.001 செ.மீ. சராசரி அளவீடுகள் இவை:

| பளு (கிராம்) | நுண்ணோக்கி அளவீடு (செ.மீ.) | இறக்கம் s (செ.மீ.) | M/s (கிராம்/செ.மீ.) |
|---|---|---|---|
| W₀ | 7.852 | – | – |
| W₀ + 50 | 7.774 | 0.078 | 641.0 |
| W₀ + 100 | 7.697 | 0.155 | 645.2 |
| W₀ + 150 | 7.618 | 0.234 | 641.0 |
| W₀ + 200 | 7.541 | 0.311 | 643.1 |
| W₀ + 250 | 7.463 | 0.389 | 642.7 |

சராசரி 642.6 கிராம்/செ.மீ., அதாவது 64.3 கி.கி./மீ. கடைசி இலக்கத்தில் உள்ள சிறு ஏற்றத்தாழ்வு இயல்பானது. அது இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தச் சோதனையில் அடிக்கடி வரும் தவறு முதன்மைக்கோலை ஒரு பிரிவு கூட்டிப் படிப்பது. 7.697 என்பது 7.65-உடன் 47 வெர்னியர் பிரிவுகள். வெர்னியரின் சுழி 7.70-ஐ ஏறக்குறைய தொட்டுக்கொண்டு நிற்பதால், மாணவி 7.70 என்று எடுத்து, அதனுடன் 0.047-ஐக் கூட்டி 7.747 என்று எழுதிவிடுகிறாள். பளு ஏற்றும்போது இப்படி எழுதி, இறக்கும்போது 7.697 என்று சரியாகப் படித்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வரிசைகளுக்கும் இடையே சரியாக 0.050 வித்தியாசம். முதன்மைக்கோலின் ஒரு பிரிவும் அதே 0.050 என்பதால் தவறு எங்கே என்று திருத்துபவருக்கு உடனே தெரியும். சட்டம் அசைந்ததாலோ எடை தாங்கி ஆடியதாலோ வரும் வித்தியாசம் இவ்வளவு சுத்தமான எண்ணாக வருவது அரிது.

அவளுடைய சராசரி 7.722, இறக்கம் 0.130, M/s 769.2. ஐந்து வரிகளின் சராசரி 667.4 கிராம்/செ.மீ. ஆகிறது. இங்கே படித்ததில் தவறு ஒன்று. அதற்குத் துல்லியத்தில் அரை மதிப்பெண் போகிறது. கழித்தது சரி, வகுத்தது சரி, சராசரி எடுத்ததும் சரி. ஆகவே M/s நிரலுக்கு முழு 2. முடிவில் மட்டும், தனித்துத் தெரியும் 769-ஐக் கவனிக்காமல் சராசரியில் சேர்த்ததால் மதிப்புக்கான அரை கிடைக்காது. அலகுக்கான அரை உண்டு. வரைபடத்தில் அந்த ஒரு புள்ளி கோட்டை விட்டு விலகி நிற்கும். மற்ற புள்ளிகளின் வழியே கோடு வரைந்திருந்தால் வரைபடத்துக்கும் முழு மதிப்பெண். மொத்தம் 14.

அடுத்த மாணவனின் தாள் இதைவிடச் சுவையானது. அவன் செய்ததும் அதே தவறுதான், ஆனால் தவறிய இடம் W₀. 7.85-க்குப் பதிலாக 7.90 என்று எடுத்து 7.902 என்று எழுதிவிட்டான். மற்ற எல்லா அளவீடுகளும் சரி. ஆனால் எல்லா இறக்கங்களும் W₀-இலிருந்தே கழிக்கப்படுவதால் ஐந்தும் 0.050 கூடிவிடுகின்றன: 0.128, 0.205, 0.284, 0.361, 0.439. M/s நிரல் 390.6, 487.8, 528.2, 554.0, 569.5 என்று படிப்படியாக ஏறுகிறது. மாறிலி என்று சொல்ல ஒன்றும் இல்லை.

அவசரத்தில் திருத்துபவர் என்ன செய்வார்? ஐந்து இறக்கமும் தவறு என்று காட்சிப் பதிவில் 2 குறைப்பார். M/s நிரலுக்கு 0 போடுவார். முடிவில் அரை போகும். மொத்தம் 10½. ஒரே ஒரு முறை வெர்னியரைத் தவறாகப் படித்தவனுக்கு நாலரை மதிப்பெண் போய்விட்டது. அதே தவறை மூன்றாவது வரியில் செய்த மாணவிக்குப் போனது ஒன்றுதான். தவறு எந்த வரியில் விழுந்தது என்பது அவர்கள் திறமையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

இவனது வரைபடத்தைப் பாருங்கள். s-ஐ x அச்சிலும் M-ஐ y அச்சிலும் குறித்தால் ஐந்து புள்ளிகளும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றன. ஆனால் கோடு ஆதிப்புள்ளி வழியே செல்லாமல் x அச்சை 0.050-இல் வெட்டுகிறது. சாய்வு: 200 கிராமுக்கு 0.311 செ.மீ., அதாவது 643 கிராம்/செ.மீ. தவறில்லாத தாளில் வந்த அதே விடை! நிலையான பிழை எல்லா இறக்கத்திலும் சமமாகச் சேர்ந்ததால், வித்தியாசம் எடுக்கும்போது நீங்கிவிடுகிறது. வரைபடத்துக்கு அவனுக்கு முழு 2 உரியது. கோடு ஆதிப்புள்ளி வழியே போயே ஆக வேண்டும் என்று நாம் வகுப்பில் அழுத்திச் சொல்வதால், சில மாணவர்கள் புள்ளிகளை விட்டுவிட்டுக் கோட்டைச் சுழியை நோக்கி வளைத்துவிடுகிறார்கள். அப்படி வரைந்தால் அந்த 2-இல் ஒன்றைக் குறைப்பேன். புள்ளிகளைப் பின்பற்றிய கோட்டுக்கே வழிமுறை மதிப்பெண்.

ஆக W₀ தவறியவனுக்குத் துல்லியத்தில் அரை குறைகிறது, M/s நிரல் அவனுடைய எண்களின்படி சரியாக வகுக்கப்பட்டதால் 2, வரைபடத்துக்கு 2. முடிவில், சாய்விலிருந்து மாறிலியை எழுதியிருந்தால் முழு 1, மொத்தம் 14½. 390-லிருந்து 570 வரை ஏறும் நிரலின் கீழே 'M/s மாறிலி எனச் சரிபார்க்கப்பட்டது' என்று மட்டும் எழுதியிருந்தால், அவனுடைய அளவீடுகளே அதை மறுக்கின்றன. மதிப்புக்கான அரையைத் தர மாட்டேன்.

மூன்றாவது வகைத் தாள் ஒன்று உண்டு. இறக்கங்கள் 0.078, 0.156, 0.234, 0.312, 0.390. ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒவ்வோர் எண்ணும் அச்சு எடுத்ததுபோல் ஒன்று. M/s எல்லா வரியிலும் 641.03. வீட்டிலேயே கணக்கிட்டுக் கொண்டுவந்த அட்டவணை என்று நமக்குத் தோன்றும். மரச்சட்டம், மெழுகில் நிற்கும் குண்டூசி, ஆயிரத்தில் ஒரு பங்கு செ.மீ. வரை படிக்கும் கருவி: இவற்றில் பத்து அளவீடுகள் இப்படி அமைவது மிக அரிது. ஆனால் தாளில் உள்ளதை மட்டும் வைத்துத் திருத்தினால் இவனுக்கு 15. சந்தேகத்துக்காக மதிப்பெண்ணைக் குறைக்கவும் முடியாது. உண்மையிலேயே கவனமாக எடுத்த மாணவியும் இருக்கலாம்.

எனவே துல்லியத்தின் 2-இல் ஒன்றைத் தேர்வு நடக்கும்போதே முடிவு செய்வது நல்லது. ஏதாவது ஒரு பளுவில் தேர்வாளர் மேசைக்குச் சென்று, மாணவன் படித்த பிறகு தாமும் நுண்ணோக்கியில் பார்த்து, அந்த அளவீட்டின் அருகே கையொப்பமிடலாம். ஒருவருக்கு ஒரு நிமிடம் போதும். மேசையில் படித்த அளவு இரண்டு மூன்று வெர்னியர் பிரிவுகளுக்குள் ஒத்தால் அந்த ஒன்று அவனுடையது. எஞ்சிய ஒன்றில் அரை அரையாகக் குறைக்கலாம்.

முடிவின் 'சரியான மதிப்பு' அரை மதிப்பெண்ணைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து மேசையில் 64 வந்து இவனுக்கு 59 வந்தால் இவன் தவறு என்று ஆகாது. இறக்கம் கத்தி முனைகளின் இடைத்தூரத்தின் மும்மடியைப் பொறுத்தது. 70 செ.மீ.-க்குப் பதில் 72 செ.மீ. வைத்தால் அதே சட்டத்தில் 64.3 என்பது 59.1 ஆகிவிடும். சட்டத்தின் தடிமனுக்கும் இதே மும்மடி விதி. சிவகாசிப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைக்க அச்சகத்தில் வெட்டி எறியும் அட்டைத் துண்டுகளே போதும். இழை ஓடும் திசையில் வெட்டிய பட்டையும் குறுக்கே வெட்டிய பட்டையும் ஒரே தடிமன் என்றாலும், குறுக்கு வெட்டு அதிகம் தொய்வதை அவர்களே கண்டிருப்பார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் ஒவ்வொரு மேசையிலும் கத்தி முனையின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்து, தேர்வாளரே ஒரு தொகுதி அளவீடு எடுத்து வைத்துக்கொண்டால், எந்த மேசைக்கு எந்த மதிப்பு என்பது கையில் இருக்கும். கத்தி முனை குறியிலிருந்து நகர்ந்திருந்தால், மாணவன் தாளில் எழுதியுள்ள இடைத்தூரத்தைக் கொண்டு அந்த மதிப்பைத் திருத்திக்கொண்டு ஒப்பிடலாம். அலகுக்கு கி.கி./மீ. என்றே எழுத வேண்டும், கிராம்/செ.மீ. என்று விட்டிருந்தால் மதிப்புக்கான அரை கிடைக்கும், எஸ்.ஐ. அலகுக்கான அரை கிடைக்காது.