சந்தை இரைச்சலில் வசனம் மூழ்காமலிருக்க

கேள்வி: கோயம்பேடு பூ மார்க்கெட்டில் நடக்கும் குறும்படக் காட்சி. வசனத்தை டப்பிங்கில் தனியாகப் பதிந்துவிட்டோம். கூட்டச் சத்தத்தைக் கூட்டினால் வசனம் கேட்கவில்லை. குறைத்தால் மார்க்கெட்டே காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

பதில்: சத்தத்தை இரண்டு டிராக்காகப் பிரியுங்கள். முதலாவது, சொல் எதுவும் பிடிபடாத பொது இரைச்சல். காட்சி தொடங்கியதும் இரண்டு மூன்று விநாடி அதை முழுதாகக் கேட்க விடுங்கள். முதல் வசனம் வருவதற்குள் மெல்ல இறக்கி, வசனத்தைவிடச் சுமார் 15 டெசிபல் கீழே நிறுத்துங்கள். அந்த இரைச்சலில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியைச் சற்றே குறைத்தால் வசனத்தின் மெய்யொலிகள் தெளியும். இரண்டாவது, “முழம் இருபது!” போன்ற தனிக் குரல்கள். இவற்றை வசன இடைவெளிகளில் மட்டும் வையுங்கள். பேச்சின்மேல் விழுந்தால் காது அந்தக் கூவலைத்தான் பிடிக்கும். கடைசியில், கதை தெரியாத ஒருவருக்குச் செல்போன் ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுங்கள். “என்ன சொன்னார்?” என்று அவர் கேட்கும் இடத்தில் இரைச்சலை இன்னும் 3 டெசிபல் இறக்குங்கள்.